கருத்தரிப்பு ஊசிகளின்போது வயிறு உப்புதல், விரைவான எடையேற்றம், மூச்சுத்திணறல்: சினைப்பை மிகைத்தூண்டலை அறிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

கருமுட்டை வளர்ச்சிக்கான ஊசிகளைப் போட்டுக்கொள்ளும் பெண்களில் பெரும்பாலானோருக்கு வயிறு ஓரளவு உப்பத்தான் செய்யும். இயல்பான மாதத்தில் ஒரே ஒரு முட்டைக் குமிழ் முதிரும் சினைப்பையில் பத்துப் பதினைந்து குமிழ்கள் ஒருசேர வளரும்போது, அடிவயிறு கனப்பதும் இடுப்பில் உடை இறுக்குவதும் எதிர்பார்க்கத்தக்கவையே. ஆகவே, வயிறு உப்பியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்வதால் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. அந்த உப்பல் பெரிதாகிவிட்ட சினைப்பையால் வந்ததா, அல்லது இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வயிற்றுக்குள் தேங்கும் நீரால் வந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இரண்டாவது வகையைத்தான் மருத்துவர்கள் சினைப்பை மிகைத்தூண்டல் நோய்க்குறி என்றும், சுருக்கமாக ஓ.ஹெச்.எஸ்.எஸ். என்றும் குறிப்பிடுகிறார்கள். எடைக்கருவி, அளவு நாடா, சிறுநீரை அளக்க ஒரு குவளை ஆகிய மூன்றும் கையில் இருந்தால், நிலைமை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வீட்டிலிருந்தே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். அதற்கான வழிமுறையைப் படிப்படியாகக் கீழே விளக்கியிருக்கிறேன்.

முதற்படி: உடலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுதல்

தினசரி ஊசிகள் குமிழ்களை வளர்க்கின்றன. அவை போதிய அளவை எட்டியதும், முட்டைகள் இறுதியாக முதிர்வதற்காக ட்ரிகர் ஊசி ஒன்று போடப்படுகிறது. பல சிகிச்சைகளில் அந்த ஊசியில் இருப்பது ஹெச்.சி.ஜி. என்னும் ஹார்மோன். இது உடலில் பல நாட்கள் தங்கிச் செயல்படக்கூடியது. அந்த நாட்கள் முழுவதும் வீங்கிய சினைப்பையைத் தூண்டிக்கொண்டே இருப்பதால், அங்கிருந்து வி.இ.ஜி.எஃப். எனப்படும் வளர்ச்சிக் காரணி மிகுதியாகச் சுரக்கிறது. அந்தப் பொருள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடும். புதுப் பானையின் உடலெங்கும் நீர் கசிவதுபோல், இரத்தத்தின் நீர்ப்பகுதியும் அதிலுள்ள அல்புமின் புரதமும் குழாய்களை விட்டு வெளியேறி முதலில் வயிற்றறையிலும், நிலை முற்றினால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள்ளும் சேர்கின்றன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. வயிற்றில் லிட்டர் கணக்கில் நீர் தேங்கியிருக்கும் அதே வேளையில், இரத்தக் குழாய்களுக்குள் நீர் வற்றிப்போயிருக்கும். அதனால்தான் எடை ஏற ஏறச் சிறுநீர் குறைகிறது, நாக்கு வறள்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இரத்தம் கெட்டியாவதால் குழாய்களுக்குள் அது உறையும் அபாயமும் கூடுகிறது. இந்த நோயில் உயிருக்கு உண்மையான ஆபத்தை உண்டாக்குபவற்றுள் இரத்த உறைவுக்கே முதலிடம் தர வேண்டும். வயிற்றின் பருமன் கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றிய அச்சமே மேலோங்கி நிற்கிறது. கெட்டியாகிக்கொண்டிருக்கும் இரத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டாம் படி: நாட்களை ட்ரிகர் ஊசியிலிருந்து எண்ணுதல்

பலரும் தினசரி ஊசிகள் நடக்கும் நாட்களில் கவலையோடு இருந்துவிட்டு, முட்டைகளை எடுத்தபின் எல்லாம் முடிந்துவிட்டது என்று கண்காணிப்பைக் கைவிடுகிறார்கள். இது தலைகீழான வரிசை. ட்ரிகர் ஊசி போடும்வரை இந்த நோய் தீவிரமாவது மிக அரிது. கவனம் தேவைப்படும் காலம் அந்த ஊசிக்குப் பிறகே தொடங்குகிறது. ஆகவே அந்த நாளைச் சுழி நாள் என்று குறித்துக்கொண்டு, அதிலிருந்து எண்ணுங்கள். முட்டை எடுப்பு ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து, அதாவது இரண்டாம் நாளில் அமையும்.

மிகைத்தூண்டல் இரண்டு அலைகளாக வரக்கூடும். முதல் அலை ட்ரிகர் ஊசியில் இருந்த ஹெச்.சி.ஜி.யால் வருவது, பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும். இரண்டாம் அலை கருத்தரித்த பெண்களுக்கு மட்டும் வருவது. பதியத் தொடங்கிய கரு தானே ஹெச்.சி.ஜி.யைச் சுரப்பதால், பத்தாம் நாளுக்குப் பிறகு நோய் புதிதாகத் தோன்றலாம். அடங்கிய நோய் மீண்டும் கிளம்பவும் செய்யலாம். கருவின் ஹார்மோன் நாளுக்கு நாள் பெருகுவதால் இந்த இரண்டாம் அலை கூடுதல் கடுமையுடனும் நீண்ட நாட்களும் நீடிக்கும் தன்மையுடையது. முதல் வாரத்தில் நன்றாக இருந்தேன் என்பது மூன்றாம் வாரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. ஹெச்.சி.ஜி. ட்ரிகர் போட்டவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அந்த ஊசியின் எச்சமே பத்து நாட்களுக்கும் மேலாகச் சிறுநீர்ச் சோதனையில் கர்ப்பம் என்று காட்டக்கூடும். எனவே முன்கூட்டியே செய்த சோதனையை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

குழந்தைப்பேற்று ஆய்வகத்துக்கே போகாமல், ஊசிகளோடு விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் எளிய சிகிச்சை பெறுபவர்களுக்கும் இதே நோய் வரலாம். கருமுட்டை எடுக்கப்படாததால் தாங்கள் இதில் சேர மாட்டோம் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது.

மூன்றாம் படி: உங்கள் அபாயம் எவ்வளவு என்று முன்கூட்டியே அறிதல்

முட்டைகளை எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சைச் சுழற்சிகளில் மூன்றில் ஒன்று வரை இலேசான மிகைத்தூண்டல் காணப்படுகிறது. நடுத்தரமானதும் கடுமையானதும் சேர்ந்து ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு. இந்தச் சராசரி எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகள் நிறைந்த பி.சி.ஓ.எஸ். கோளாறு உள்ளவர்கள், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். என்னும் ஹார்மோனின் அளவு உயர்ந்தவர்கள் (ஒரு மில்லிலிட்டருக்கு 3.4 நானோகிராமுக்கு மேல் என்பது ஒரு பொதுவான எல்லை), முதல் ஸ்கேனில் இரு சினைப்பைகளிலும் சேர்த்து 24க்கு மேற்பட்ட சிறு குமிழ்கள் தெரிந்தவர்கள், முன்பே ஒருமுறை இந்நோய் கண்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். சுழற்சி நடக்கும்போதே 25 அல்லது அதற்கு மேற்பட்ட குமிழ்கள் வளர்வதும், 24 அல்லது அதற்கு மேற்பட்ட முட்டைகள் கிடைப்பதும் எச்சரிக்கைகளே. ஏராளமான முட்டைகள் கிடைத்தன என்று வீட்டார் மகிழும் அதே நாளில், எடைக்கருவியைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வேன்.

நான்காம் படி: மூன்று அளவுகளை நாள்தோறும் எழுதுதல்

ட்ரிகர் ஊசி போடும் நாளன்று காலையில் முதல் பதிவை எழுதுங்கள். இந்த அடிப்படைப் பதிவு இல்லையென்றால் பின்னால் வரும் எண்கள் எதனுடன் ஒப்பிடுவது என்று தெரியாமல் போய்விடும். முதலாவதாக எடை: காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், எதையும் உண்பதற்கு முன், ஒரே மாதிரியான மெல்லிய உடையில், அதே கருவியில் பார்க்க வேண்டும். மாலையில் பார்த்த எடையைக் காலை எடையுடன் ஒப்பிட்டால், உண்டதும் குடித்ததும் சேர்ந்து ஒரு கிலோ வரை பொய்யான ஏற்றத்தைக் காட்டிவிடும்.

இரண்டாவதாக வயிற்றுச் சுற்றளவு. மல்லாந்து படுத்து, தொப்புள் வழியாக நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளவிட வேண்டும். நாடா ஒரு விரற்கடை மேலே போனாலும் கீழே போனாலும் கணக்கு மாறிவிடும் என்பதால், தொடக்கத்தில் பக்கவாட்டில் பேனாவால் சிறு குறி போட்டுவைப்பது நல்லது.

மூன்றாவது அளவைப் பெரும்பாலானோர் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் மூன்றிலும் கூடுதலான செய்தி சொல்வது அதுதான். அளவுக் கோடுகள் உள்ள ஒரு குவளையில் 24 மணி நேரச் சிறுநீரையும் அளந்து கூட்டுங்கள். குடித்த நீரையும் பிற பானங்களையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தினமும் இதைச் செய்வது சலிப்பைத் தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எடையோ சுற்றளவோ ஏறத் தொடங்கிய நாளிலிருந்தாவது தவறாமல் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: எண்களைப் படித்தல்

முட்டை எடுப்புக்குப் பிந்தைய சில நாட்களில் அரைக் கிலோ, முக்கால் கிலோ ஏறுவது பொதுவாகக் காணப்படுவதே. வயிறு உப்பிக் கனத்தாலும், உணவு செல்கிறது, சிறுநீர் வழக்கம்போல் வெளிறிய மஞ்சளாக வருகிறது, நடந்தால் மூச்சு வாங்கவில்லை என்றால், அது பெரும்பாலும் இலேசான நிலை. குமட்டலும் வாந்தியும் தலைதூக்கி, வலி நடையைத் தடுக்கும் அளவுக்கு வந்தால் நடுத்தர நிலையை எட்டியதாகக் கொண்டு, அன்றே சிகிச்சை தரும் மையத்தை அழைக்க வேண்டும். அந்த நிலையில் ஸ்கேன் செய்தால் வயிற்றில் நீர் தெரியும்.

ஒரே நாளில் ஒரு கிலோ அல்லது அதற்கு மேல் ஏறினால் அது கொழுப்பாக இருக்க வாய்ப்பில்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக உட்செல்ல வேண்டும்; குமட்டலோடு படுத்திருப்பவர் ஒரே நாளில் அப்படி உண்ண முடியாது. அந்த ஒரு கிலோ என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். ஊசியால் உடம்பு போடுகிறது என்று தள்ளிவிடாமல், அந்த எண்ணைப் பார்த்த காலையிலேயே அழைக்க வேண்டும். சிறுநீர் ஒரு நாளில் 500 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினாலும், அடர்ந்த நிறத்தில் மிகக் குறைவாக வந்தாலும் அப்படியே. 300 மில்லிலிட்டருக்குக் குறைவு என்பது கடுமையான நோய்க்கு மருத்துவ நூல்கள் வகுத்திருக்கும் எல்லை. அதுவரை வீட்டில் காத்திருக்கக் கூடாது.

தனி எண்ணைவிட எண்கள் போகும் திசையைக் கவனிக்க வேண்டும். எடை ஏறி, சுற்றளவு ஏறி, சிறுநீர் இறங்கினால் கசிவு நடந்துகொண்டிருக்கிறது. எடை இறங்கி, சுற்றளவு இறங்கி, சிறுநீர் திடீரென்று பெருகினால், வெளியேறிய நீர் குழாய்களுக்குத் திரும்புகிறது. நோய் தணியத் தொடங்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. உப்பல் வெறும் மலச்சிக்கலால் வந்தது என்றால் எடை பெரிதாக மாறாது, சிறுநீரும் குறையாது. கர்ப்பத்தைத் தாங்கக் கொடுக்கப்படும் புரோஜெஸ்டிரோன் மருந்தால் வரும் வயிற்றுப் பொருமலை இவ்வாறு பிரித்துப் பார்க்கலாம்.

ஆறாம் படி: மூச்சைத் தனியாகக் கவனித்தல்

இந்தச் சிகிச்சையின்போது மூச்சு வாங்குவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். வயிற்றில் தேங்கிய நீர் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் வருவது ஒன்று. அது வயிறு பெருக்கப் பெருக்கப் படிப்படியாக வரும், சாய்ந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்வது மற்றொன்று. இது பெரும்பாலும் வலப்பக்கத்தில் கூடுதலாகக் காணப்படும். மட்டமாகப் படுக்க முடியாது, வறட்டு இருமல் வரலாம். சிலருக்கு வயிறு அவ்வளவாகப் பெருக்காமலேயே இது வந்துவிடும் என்பதால், வயிறு சரியாகத்தானே இருக்கிறது என்று மூச்சுத்திணறலை ஒதுக்கக் கூடாது.

மூன்றாவது காரணம், நுரையீரலின் இரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்துக்கொள்வது. இது படிப்படியாக வராமல் திடீரென்று வரலாம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், வேகமான இதயத்துடிப்பு, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவை கூடவே தோன்றலாம். இந்நோயில் உறைகட்டிகள் கால்களில் மட்டுமின்றிக் கழுத்திலும் கைகளிலும் உள்ள குழாய்களிலும் உருவாவது ஒரு விசேஷம். ஒரு பக்கக் கழுத்து அல்லது கை வீங்கி வலித்தால், கோணலாகப் படுத்துத் தூங்கியது, ஊசி வலி என்று காரணம் தேடாமல் உடனே காட்ட வேண்டும். திடீர்ப் பேச்சுக் குழறல், முகக் கோணல், கைகால் செயலிழப்பு, இதுவரை அனுபவித்திராத தலைவலி ஆகியவை மூளை இரத்தக் குழாய் அடைபட்டதைக் காட்டலாம். மேற்சொன்ன நிலைகளில் சிகிச்சை மையத்தின் தொலைபேசிப் பதிலுக்குக் காத்திருக்காமல், நேராக அவசர மருத்துவப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இதனுடன் குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு இரண்டு அவசரங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிதான சினைப்பை தன் காம்பில் முறுக்கிக்கொண்டால், ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று கடும் வலி எழும்பி வாந்தியும் தொடரும். முட்டை எடுத்த ஓரிரு நாளில் வயிறு உப்பி, முகம் வெளிறி, மயக்கம் வந்தால் உள்ளிரத்தக் கசிவு இருக்கலாம். மிகைத்தூண்டலில் இரத்தம் கெட்டியாவதால் ஹீமோகுளோபின் உயர்ந்து காட்டும். உள்ளிரத்தக் கசிவில் அது இறங்கும்.

ஏழாம் படி: இலேசான நிலையில் வீட்டில் செய்வன, செய்யாதன

தாகத்துக்கேற்ப நீர் குடியுங்கள். நாளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடாமல் நீர் குடித்தால் எல்லாம் கரைந்துவிடும் என்ற பரவலான அறிவுரையை நான் ஏற்பதில்லை. குழாய்ச் சுவர்கள் கசிந்துகொண்டிருக்கும்போது, அளவுக்கு மீறிக் குடிக்கும் நீரின் ஒரு பகுதி வயிற்றுக்கே போகும். வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் இந்நோயில் இரத்தத்தில் ஏற்கெனவே இறங்கியிருக்கக்கூடிய சோடியம் மேலும் இறங்கும். குடிக்காமலே இருப்பதும் தவறு.

வீக்கம் வடிய வேண்டும் என்று சிறுநீர் பெருக்கும் மாத்திரையை யாருடைய பேச்சைக் கேட்டும் விழுங்க வேண்டாம். அந்த மாத்திரை வயிற்று நீரைத் தொடாது. ஏற்கெனவே வற்றியிருக்கும் இரத்தக் குழாய்களிலிருந்து மேலும் நீரை உறிஞ்சிச் சிறுநீரகத்தைப் பாதிப்பதுடன், இரத்தம் உறையும் அபாயத்தையும் கூட்டும். மருத்துவமனையில் போதிய நீர் ஏற்றியபின் மருத்துவர் தேர்ந்து கொடுப்பது வேறு விஷயம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். இபுப்ரோஃபென், டிக்ளோஃபினாக், மெஃபெனமிக் அமிலம் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். புரோஜெஸ்டிரோன் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது இந்நோய்க்குக் காரணமன்று. கர்ப்பத்தைத் தாங்குவதற்காக மீண்டும் ஹெச்.சி.ஜி. ஊசி எழுதப்பட்டிருந்தால், அதைப் போடுமுன் வீக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முழுநேரப் படுக்கை ஓய்வும் வேண்டாம். அசையாமல் கிடந்தால் கால்களில் இரத்தம் உறையும். வீட்டுக்குள் அவ்வப்போது நடக்கலாம். ஓடுவது, குதிப்பது, பளு தூக்குவது, உடலைத் திருகும் பயிற்சிகள், தாம்பத்திய உறவு ஆகியவற்றைச் சினைப்பை சுருங்கும்வரை தள்ளிவையுங்கள். முறுக்கிக்கொள்வதும் வெடிப்பதும் அத்தகைய அசைவுகளால் நேரக்கூடும்.

எட்டாம் படி: ஒரு பதிவேட்டை நாள்வாரியாகப் படித்துப் பார்த்தல்

விளக்கத்துக்காக இரண்டு அலைகளும் உள்ள ஒரு பதிவேட்டை அமைத்துக் காட்டுகிறேன். 29 வயதுப் பெண், பி.சி.ஓ.எஸ். உண்டு, ஹெச்.சி.ஜி. ட்ரிகர் போடப்பட்டது, 19 முட்டைகள் எடுக்கப்பட்டன. சுழி நாளில் எடை 58.4 கிலோ, சுற்றளவு 80 செ.மீ.

நான்காம் நாளில் எடை 59.3, சுற்றளவு 84. வயிறு கனக்கிறது, ஆனால் உணவு செல்கிறது; சிறுநீர் 1,300 மில்லிலிட்டர். மையத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறார். ஸ்கேனில் இலேசான நிலை என்று தெரிகிறது. ஆறாம் நாளில் எடை 58.9க்கு இறங்குகிறது. ஏழாம் நாளில் ஐந்து நாள் வயதுடைய கரு கருப்பையில் வைக்கப்படுகிறது. எட்டாம், ஒன்பதாம் நாட்களில் எந்தத் தொல்லையும் இல்லை. இந்த இடத்தில் பெரும்பாலானோர் பதிவேட்டை மூடிவிடுவார்கள்.

பதினொன்றாம் நாளில் எடை 59.2, சுற்றளவு 84. பன்னிரண்டாம் நாளில் 60.0, சுற்றளவு 87, உணவு பாதியிலேயே போதும் என்றாகிறது, சிறுநீர் 800. முந்தைய நாளைவிட 800 கிராம் கூடுதல், சிறுநீரும் இறங்குகிறது. ஒரு கிலோ எல்லையைத் தொடவில்லை என்றாலும், மூன்று அளவுகளும் கசிவையே காட்டுகின்றன. அழைக்க வேண்டிய நாள் இதுவே. பதின்மூன்றாம் நாள் காலையில் 61.3, சுற்றளவு 92, முந்தைய 24 மணி நேரச் சிறுநீர் 450. இரவில் இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை. அன்றே மருத்துவமனை.

அங்கே செய்த சோதனைகளில் ஹிமாட்டோகிரிட் 46 விழுக்காடு. சிகிச்சைக்கு முன் எடுத்த அறிக்கையில் அது 37. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் இந்த எண் 45ஐத் தாண்டினால் நோய் கடுமையானது, 55ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்தானது என்று கொள்கிறார்கள். சோடியம் 132, அல்புமின் 2.8, இரண்டும் குறைவு. ஸ்கேனில் சினைப்பைகள் 11 செ.மீ., வயிற்றில் மிகுந்த நீர், வலப்பக்க நுரையீரலைச் சுற்றிச் சிறிது நீர். இரத்தப் பரிசோதனை கர்ப்பத்தை உறுதிசெய்கிறது. எனவே இது இரண்டாம் அலை. கருவின் ஹார்மோன் பெருகிக்கொண்டிருக்கும்வரை நோய் தானாக அடங்கிவிடாது என்று எதிர்பார்த்தே சிகிச்சையைத் திட்டமிட வேண்டும்.

சிகிச்சை நேரடியானது. இரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸாபரின் போன்ற ஹெப்பாரின் ஊசி தினமும் போடப்படுகிறது. நரம்பு வழியாக நீர் அளந்து ஏற்றப்படுகிறது. மூச்சுத்திணறலும் சிறுநீர்க் குறைவும் தொடர்வதால், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் வயிற்று நீரை மெதுவாக வடிக்கிறார்கள். கூடவே அல்புமின் ஏற்றுகிறார்கள். வயிற்றின் அழுத்தம் குறைந்ததும் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் சீரடைவதால், அன்றிரவே சிறுநீர் கூடுவது வழக்கம். வயிற்றில் ஊசி என்றதும் கருவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அஞ்சி இதை மறுப்பவர்கள் உண்டு. ஸ்கேன் வழிகாட்டலுடன் செய்யும்போது ஊசி கருப்பையையும் சினைப்பையையும் தொடுவதில்லை. மூச்சும் சிறுநீரும் சீராவது தாய்க்கும் கருவுக்கும் நன்மையே. நீர் மீண்டும் சேர்ந்து, இரண்டாம் முறை வடிக்க வேண்டியும் வரலாம். அதைச் சிகிச்சையின் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை.

பதினெட்டாம் நாளில் ஹிமாட்டோகிரிட் 39. சிறுநீர் இரண்டு லிட்டரைத் தாண்டுகிறது. எடை நாளுக்கு அரைக் கிலோ வீதம் இறங்குகிறது. வீடு திரும்பிய பின்னும் ஹெப்பாரின் ஊசி தொடர்கிறது. கடுமையான நோய்க்குப் பிறகு கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில் இரத்த உறைவு அபாயம் நீடிப்பதால், அதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவுசெய்வார். கருத்தரிக்காதவர்களுக்கு நோய் பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில், மாதவிடாயோடு அடங்கிவிடும்.

ஒன்பதாம் படி: அவசரப் பிரிவில் சொல்ல வேண்டியவை

நள்ளிரவில் போக நேர்ந்தால், அங்கிருக்கும் மருத்துவர் கருத்தரிப்புச் சிகிச்சையில் பழகாதவராக இருக்கலாம். வீங்கிய வயிறும் வலியும் வெடித்த குடல்வால் போன்று தோன்றி, தேவையற்ற அறுவைக்குக்கூடப் பேச்சு போகக்கூடும். அதனால் முதல் வாக்கியத்திலேயே கருத்தரிப்பு ஊசி போட்டுக்கொண்டிருப்பதையும், ட்ரிகர் ஊசியின் பெயரையும் நாளையும், எடுக்கப்பட்ட முட்டைகளின் எண்ணிக்கையையும், கரு வைக்கப்பட்டதா என்பதையும் சொல்லுங்கள். எடைப் பதிவேட்டைக் கையில் கொடுங்கள். சினைப்பை பெரிதாக இருப்பதால் வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் உள்பரிசோதனை செய்வதும் அதைக் கிழித்துவிடக்கூடும் என்பதை மறவாமல் குறிப்பிட்டு, ஸ்கேன் செய்யுமாறு கேளுங்கள். உங்கள் மையத்தின் இரவு நேர எண்ணை அவர்களிடமே கொடுத்து, மருத்துவரும் மருத்துவரும் நேரடியாகப் பேசச் செய்வது மிகவும் பயனுள்ளது.

பத்தாம் படி: அடுத்த சுழற்சிக்கு முன் கேட்க வேண்டியவை

ஒருமுறை வந்தவர்களும், முதல் ஸ்கேனிலேயே குமிழ்கள் மிகுந்தவர்களும், அடுத்த சுழற்சியின் அமைப்பை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். முட்டைகள் முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்கும் மருந்தைச் சுழற்சியின் நடுவில் சேர்க்கும் ஆன்டகோனிஸ்ட் முறையில் ஊசிகள் கொடுத்து, ஹெச்.சி.ஜி.க்குப் பதிலாக லூப்ரோலைடு அல்லது ட்ரிப்டோரெலின் கொண்டு ட்ரிகர் செய்தால், முட்டைகளை முதிரவைக்கும் உடலின் சொந்த எல்.ஹெச். ஹார்மோன் ஓரிரு நாள் மட்டும் எழும்பி அடங்கிவிடும். பல நாள் தூண்டல் இல்லாததால் முதல் அலை பெருமளவு தவிர்க்கப்படுகிறது. அந்த ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை முன்கூட்டியே அடக்கிவைக்கும் நீண்ட முறையில் இந்த ட்ரிகர் வேலை செய்யாது என்பதால், இந்தக் கேள்வியை ஊசிகள் தொடங்குமுன் கேட்க வேண்டும். ட்ரிகர் நாளன்று கேட்டுப் பயனில்லை. கருக்கள் அனைத்தையும் உறையவைத்து, சினைப்பை சுருங்கிய பின் வேறொரு மாதத்தில் வைத்தால், கர்ப்பத்தால் வரும் இரண்டாம் அலைக்கே இடமிருக்காது. ட்ரிகர் நாளில் தொடங்கிச் சுமார் 8 நாட்களுக்குக் கேபர்கோலின் மாத்திரை கொடுப்பதும் வி.இ.ஜி.எஃப்.பின் வேலையைத் தணிக்கும். இவை அனைத்தையும் செய்தும் அரிதாகச் சிலருக்கு நோய் வருவதுண்டு என்பதால், ட்ரிகர் முறை மாறினாலும் காலை எடையையும் சிறுநீர்க் கணக்கையும் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு எழுதிவர வேண்டும்.